தொண்டையில் கிருமி, வயிற்றில் தடிப்பு: ஸ்கார்லெட் காய்ச்சல் எப்படி வேலை செய்கிறது

ஸ்கார்லெட் காய்ச்சல் வந்த குழந்தையின் தொண்டையைப் பஞ்சால் தடவி, ரத்தம் கலந்த அகர் தட்டில் தேய்த்து ஒரு நாள் வைத்தால், சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கிருமி வளர்ந்திருக்கும். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ரத்தத்தின் சிவப்பு கரைந்து, கண்ணாடி போலத் தெளிவான ஒரு வளையம் தெரியும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் என்ற பாக்டீரியாவின் அடையாளம் அது. அதே குழந்தையின் வயிற்றில் சிவந்து கிடக்கும் தோலிலிருந்து மாதிரி எடுத்து வளர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் இந்தக் கிருமி கிடைக்காது. கிருமி தொண்டையை விட்டு நகரவில்லை. ஆனால் கழுத்து, மார்பு, வயிறு, தொடை என்று உடம்பு முழுக்கச் சிவந்திருக்கிறது, நாக்கும் உருமாறியிருக்கிறது.

இந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் நோயின் பெரும்பகுதி புரிந்துவிடும். தொண்டையில் உட்கார்ந்திருக்கும் கிருமி ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அது ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகிறது. தோலிலும் நாக்கிலும் நாம் பார்ப்பது அந்தப் புரதத்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினை.

முதலில் கண்ணுக்கும் கைக்கும் என்ன தெரிகிறது என்று பார்த்துவிடுவோம்.

நாள்வாரியாக ஒரு குழந்தை

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் பக்கத்தில் இருந்த பிள்ளைக்குத் தொண்டை வலி இருந்திருக்கிறது. இரண்டிலிருந்து ஐந்து நாளுக்குள் இவளுக்கும் திடீரென்று காய்ச்சல் அடிக்கிறது, 102, 103 டிகிரி வரை. எச்சில் விழுங்கினால் வலி. ஒன்றிரண்டு முறை வாந்தி, வயிற்று வலி. மூக்கு ஒழுகவில்லை, இருமல் இல்லை. இந்த 'இல்லை'யைக் கவனிக்க வேண்டும். சளியும் இருமலும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் வைரஸ் வேலை. டார்ச் அடித்துப் பார்த்தால் தொண்டை சிவந்து, டான்சில் வீங்கி, சில இடங்களில் வெள்ளையாகச் சீழ் படிந்திருக்கும். மேல் அண்ணத்தில் ஊசி குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகளும் இருக்கலாம். தாடைக்குக் கீழே நெறிகட்டியிருக்கும்.

காய்ச்சல் தொடங்கி ஒன்று, ஒன்றரை நாளில் தடிப்பு வருகிறது. முதலில் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, மார்பு. அடுத்த 24 மணி நேரத்துக்குள் உடம்பும் கைகால்களும். தனித்தனிக் கொப்புளமாகவோ பெரிய திட்டாகவோ இருக்காது. எல்லாப் பக்கமும் பரவிய சிவப்பு, அதன்மேல் குண்டூசித் தலையைவிடச் சிறிய, நெருக்கமான மேடுகள். விரலால் அழுத்தினால் சிவப்பு மறைந்து, விரலை எடுத்ததும் திரும்ப வரும்.

வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்ட வர்ணனை இது. நம் மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் அந்தச் சிவப்பு கண்ணுக்கு அகப்படாமலே போகலாம். தோல் சற்றுக் கருத்தது போலவோ வெந்தது போலவோ தோன்றும், அவ்வளவுதான். அதனால் கையால் தடவிப் பார்ப்பதுதான் நமக்கு நம்பகமான வழி. உள்ளங்கையால் குழந்தையின் வயிற்றை மெதுவாக நீவினால், மெல்லிய உப்புத்தாளைத் தடவுவது போல நரநரவென்று இருக்கும். உலகம் முழுவதும் மருத்துவப் புத்தகங்கள் இந்த நோய்க்குச் சொல்லும் முக்கியமான குறி இந்த உப்புத்தாள் தோல்தான். அதற்குத் தோலின் நிறம் ஒரு தடையே இல்லை.

முகம் வேறு மாதிரி இருக்கும். கன்னங்கள் இரண்டும் சிவந்திருக்க, வாயைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் வெளிறிப்போயிருக்கும். முழங்கையின் உள்மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு ஆகிய மடிப்புகளில் அடர்ந்த சிவப்புக் கோடுகள் விழும். ருமேனிய மருத்துவர் கான்ஸ்டன்டின் பாஸ்டியாவின் பெயரால் இவற்றுக்குப் பாஸ்டியா கோடுகள் என்று பெயர். மற்ற இடத்துச் சிவப்பு அழுத்தினால் மறைகிறது, இந்தக் கோடுகள் மறைவதில்லை. காரணம், மடிப்பில் தோல் மடங்கி நிமிரும்போது, ஏற்கெனவே வலுவிழந்திருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைந்து கொஞ்சம் ரத்தம் வெளியே கசிந்துவிடுகிறது. குழாய்க்குள் இருக்கும் ரத்தத்தை அழுத்தித் தள்ளலாம், வெளியே வந்துவிட்டதைத் தள்ள முடியாது.

நாக்கு இரண்டு முறை மாறுகிறது

ஸ்ட்ராபெரி நாக்கு என்றால் ஏதோ ஒரே ஒரு படம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இரண்டு கட்டமாக நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, கண்ணாடி முன்னால் நின்று உங்கள் நாக்கையே ஒருமுறை நீட்டிப் பாருங்கள்.

நாக்கின் மேல்பரப்பு முழுக்க மயிரிழை போன்ற நுண்ணிய முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. இவற்றின் நுனியில் நகத்திலும் முடியிலும் உள்ள கெராட்டின் என்ற கடினப் பொருள் இருப்பதால் நாக்கு லேசாக வெளிறித் தெரிகிறது. இந்த முனைகளுக்கு நடுவே, முக்கியமாக நுனியிலும் ஓரங்களிலும், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவந்த உருண்டைப் புள்ளிகள் தெரியும். குட்டிக் காளான் வடிவத்தில் இருப்பவை இவை, சுவை மொட்டுகளைத் தாங்குபவை. இவற்றின் மேல்தோல் மெல்லியது, உள்ளே ரத்தக் குழாய்கள் அதிகம். அதனால்தான் சாதாரண நாளிலேயே சிவப்பாகத் தெரிகின்றன.

காய்ச்சலின் முதல் ஒன்றிரண்டு நாள் நாக்கில் கெட்டியான வெள்ளைப் படிவு சேர்கிறது. அதே சமயம் காளான் வடிவ மொட்டுகளின் உள்ளே ரத்தக் குழாய்கள் விரிந்து, நீர் கோத்து, அவை வீங்குகின்றன. வெள்ளைப் படிவைத் துளைத்துக்கொண்டு சிவப்புப் புள்ளிகள் எட்டிப்பார்க்கும். இது வெள்ளை ஸ்ட்ராபெரி நாக்கு. நான்காம், ஐந்தாம் நாள் வாக்கில் அந்த வெள்ளைப் படிவு உரிந்து விழுந்துவிடுகிறது. அடியில் இருக்கும் நாக்கு பளபளவென்று, மாட்டிறைச்சி போன்ற அடர்சிவப்பில் வெளிப்படுகிறது, வீங்கிய மொட்டுகள் இன்னும் அப்படியே துருத்திக்கொண்டிருக்கின்றன. இது சிவப்பு ஸ்ட்ராபெரி நாக்கு. பழத்தின் மேல் விதைகள் புள்ளியாக நிற்குமே, அந்தத் தோற்றத்துக்காக வைத்த பெயர்.

மாநிறக் குழந்தைகளில் தோலைவிட நாக்குதான் தெளிவாகப் பேசும். நாக்கின் நிறம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நாக்கை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. கவாசாகி நோயிலும், ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியின் நச்சால் வரும் டாக்சிக் ஷாக் நோயிலும் இதே நாக்கு வரும்.

நச்சு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்கார்லெட் காய்ச்சல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்தது. பணக்காரர், ஏழை என்ற பேதம் அதற்கு இல்லை. எண்ணெய்த் தொழிலதிபர் ஜான் டி. ராக்ஃபெல்லரின் பேரன், சின்னஞ்சிறு ஜான் ராக்ஃபெல்லர் மெக்கார்மிக், 1901இல் இந்தக் காய்ச்சலில் இறந்தான். அவன் நினைவாகப் பெற்றோர் சிகாகோவில் ஒரு தொற்றுநோய் ஆய்வு நிலையத்தை நிறுவினார்கள். இந்த நோயின் முடிச்சு அவிழ்ந்ததும் அங்கேதான்.

அந்த நிலையத்தில் வேலை செய்த ஜார்ஜ் டிக், கிளாடிஸ் டிக் என்ற தம்பதிக்கு முன் இருந்த கேள்வி இதுதான். நோயாளிகளின் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நோய்க்குக் காரணம் அதுதானா, வேறு ஏதோ வைரஸ் வந்த இடத்தில் இது சும்மா குடியேறியிருக்கிறதா? சாதாரணத் தொண்டை வலிக்காரர்களிடமும் இதே கிருமி இருக்கிறதே, அவர்களுக்கு ஏன் தடிப்பு வரவில்லை? விலங்குகளில் இந்த நோயைச் சரியாக உண்டாக்கவும் முடியவில்லை. எனவே மனிதர்களிடமே சோதிக்கத் துணிந்தார்கள். ஸ்கார்லெட் நோயாளியைக் கவனித்துக்கொண்டபோது தானும் நோய்ப்பட்ட ஒரு நர்ஸின் விரல் புண்ணிலிருந்து கிருமியை எடுத்து வளர்த்து, சம்மதித்தவர்களின் தொண்டையில் தடவினார்கள். ஒருவருக்குத் தடிப்போடு ஸ்கார்லெட் காய்ச்சல் வந்தது. 1923இல் இதை வெளியிட்டார்கள். இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இப்படியொரு சோதனைக்கு அனுமதி தராது.

அடுத்த படிதான் நமக்கு முக்கியம். கிருமி வளர்ந்த திரவத்தை, கிருமிகள் புக முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்தார்கள். உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லாத அந்த வடிநீரை ஊசியில் செலுத்தியபோது, நோயெதிர்ப்பு இல்லாதவர்களுக்குக் காய்ச்சலும் வாந்தியும் தடிப்பும் வந்தன. அப்படியானால் தடிப்பை உண்டாக்குவது கிருமி வெளியே விடும் ஏதோ ஒரு பொருள். அதை நன்றாக நீர்க்கச் செய்து தோலுக்குள் ஒரு சொட்டு போட்டால், ஏற்கெனவே எதிர்ப்பொருள் உள்ளவருக்கு ஒன்றும் ஆகாது, இல்லாதவருக்கு ஒரு நாளில் அந்த இடம் சிவக்கும். இது டிக் சோதனை என்ற பெயரில் 1924இலிருந்து சில பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது.

எனக்கு இதைவிடப் பிடித்தது, அதற்கு முன்பே 1918இல் ஜெர்மனியில் ஷுல்ட்ஸ், சார்ல்டன் என்ற இருவர் கண்ட ஒரு விஷயம். நோயிலிருந்து தேறியவரின் ரத்தத்தின் தெளிநீரைக் கொஞ்சம் எடுத்து, தடிப்புள்ள குழந்தையின் தோலுக்குள் ஊசி போட்டார்கள். சில மணி நேரம் கழித்து, சிவந்த உடம்பில் ஊசி போட்ட இடத்தைச் சுற்றி மட்டும் சிவப்பு வடிந்து ஒரு வெளிறிய வட்டம் விழுந்தது. தேறியவரின் ரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள் அந்த வட்டத்துக்குள் இருந்த நச்சைச் செயலிழக்கச் செய்துவிட்டது. நச்சு தோலுக்கே வந்து நின்று வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது கடினம்.

எல்லா ஸ்ட்ரெப் கிருமியும் ஏன் தடிப்பை உண்டாக்குவதில்லை

இந்த நச்சைச் செய்யும் குறிப்பு, அதாவது மரபணு, பாக்டீரியாவின் சொந்தச் சொத்து அல்ல. பாக்டீரியாவுக்கும் வைரஸ் தொற்று உண்டு. அப்படிப்பட்ட வைரஸ்களை ஃபேஜ் என்கிறோம். சில ஃபேஜ்கள் பாக்டீரியாவைக் கொல்லாமல், தங்கள் டி.என்.ஏ.வை அதன் டி.என்.ஏ.வோடு சொருகிவிட்டு அமைதியாக இருந்துவிடும். வரும்போது ஒரு நச்சு மரபணுவையும் கூடவே கொண்டுவந்தால், அந்த நாளிலிருந்து அந்தப் பாக்டீரியாவும் அதன் வாரிசுகளும் நச்சு சுரப்பவை ஆகிவிடும். ஜான் ஜப்ரிஸ்கி 1964இல் இதைச் செய்தே காட்டினார். ஸ்கார்லெட் நோய்க் கிருமியிலிருந்து வந்த ஃபேஜ் தொற்றியதும், நச்சு சுரக்காத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நச்சு சுரக்கத் தொடங்கியது.

ஃபேஜ் வழியாக வரும் இந்த நச்சுகளில் ஸ்கார்லெட் காய்ச்சலோடு அதிகம் பேசப்படுபவை ஸ்பீ-ஏ, ஸ்பீ-சி என்ற இரண்டும், எஸ்.எஸ்.ஏ. என்ற மூன்றாவதும். நச்சு மரபணு இருக்கிறதா என்பதோடு அது எவ்வளவு சுரக்கிறது என்பதும் முக்கியம். இங்கிலாந்தில் 2014 முதல் ஸ்கார்லெட் காய்ச்சல் எதிர்பாராத அளவில் திரும்ப வந்தது. அங்கே பரவிக்கொண்டிருந்த ஒரு புதிய கிளையை ஆராய்ந்து லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 2019இல் வெளியிட்டார்கள். பழைய கிளையோடு ஒப்பிட்டால் அதன் டி.என்.ஏ.வில் 27 எழுத்துகள்தான் மாறியிருந்தன. ஆனால் ஸ்பீ-ஏ நச்சு சுமார் ஒன்பது மடங்கு அதிகமாகச் சுரந்தது. பின்னர் நடந்த ஆய்வு, நச்சு மரபணுவுக்குப் பக்கத்து மரபணுவின் முகப்பில் இருந்த ஒரே ஒரு எழுத்து மாற்றமே இதற்குக் காரணம் என்று காட்டியது. நச்சின் அமைப்பு மாறவில்லை, உற்பத்தி மட்டும் கூடியிருக்கிறது.

அந்த நச்சு உடம்பில் என்ன செய்கிறது

நச்சு என்றதும் அது செல்களை அரிக்கும், எரிக்கும் என்று தோன்றும். ஸ்பீ-ஏ அப்படிப்பட்டது அல்ல. அது நம் நோயெதிர்ப்புச் செல்களைத் தவறாகக் கிளப்பிவிடுகிறது, மீதியை அவையே செய்துகொள்கின்றன.

சாதாரணமாக என்ன நடக்கும்? ஏதாவது கிருமி வந்தால், காவல் செல்கள் அதை விழுங்கிச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டைத் தங்கள் மேற்பரப்பில் உள்ள ஒரு தாங்கியில் வைத்துக் காட்டும். எம்.ஹெச்.சி. என்று பெயர் கொண்ட அந்தத் தாங்கியில் ஒரு பள்ளம் இருக்கிறது, துண்டு அதற்குள் உட்காரும். டி செல்கள் ஒவ்வொன்றாக வந்து தங்கள் ஏற்பியால் அந்தத் துண்டைப் பரிசோதிக்கும். ஒவ்வொரு டி செல்லின் ஏற்பியும் ஒவ்வொரு வடிவம். பத்தாயிரத்தில் ஒன்றோ, அதைவிடக் குறைவாகவோதான் பொருந்தும். பொருந்திய அந்தச் சில செல்கள் மட்டும் விழித்து, பெருகி, சண்டைக்குப் போகும். மற்றவை பேசாமல் இருக்கும்.

ஸ்பீ-ஏ இந்தப் பரிசோதனையையே தாண்டிவிடுகிறது. அது பள்ளத்துக்குள் போவதில்லை. ஒரு பக்கம் தாங்கியின் வெளிச் சுவரையும், மறுபக்கம் டி செல் ஏற்பியின் ஓரத்தையும் பற்றிக்கொள்கிறது. கொடியில் காயும் இரண்டு துணிகளை ஒரே கிளிப்பில் சேர்த்துப் பிடிப்பது போலத்தான், துணி எந்த நிறம் என்று கிளிப் பார்ப்பதில்லை. ஏற்பியின் அந்த ஓரப் பகுதி, வி-பீட்டா என்பது, சில குடும்பங்களாகப் பிரிந்திருக்கிறது. நச்சுக்குப் பிடித்த குடும்பத்தைச் சேர்ந்த டி செல் எதுவானாலும், அது எந்தக் கிருமியைத் தேடப் பிறந்ததானாலும், பிடிபட்டு விழித்துக்கொள்ளும். இப்படிப் பத்தில் ஒன்று, சில சமயம் ஐந்தில் ஒன்று என்ற அளவில் டி செல்கள் ஒரே நேரத்தில் கிளம்பிவிடலாம். இதனால்தான் இந்த வகைப் புரதங்களுக்கு சூப்பர் ஆன்டிஜென் என்று பெயர்.

விழித்த டி செல்களும் அவற்றோடு பிணைக்கப்பட்ட காவல் செல்களும் சைட்டோகைன் என்ற தகவல் புரதங்களைக் கொட்டுகின்றன. அவை மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டைத் தொடும்போது காய்ச்சல் ஏறுகிறது. தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்களைத் தொடும்போது அவை விரிகின்றன, அதுதான் அழுத்தினால் மறையும் அந்தச் சிவப்பு. குழாய்ச் சுவர் தளர்ந்து நீரும் வெள்ளணுக்களும் வெளியே கசிகின்றன. மயிர்க்கால்களைச் சுற்றி இந்த வீக்கம் நுண்ணிய மேடாக நிற்கிறது, வியர்வைச் சுரப்பிகளின் வாயும் அடைபடுகிறது. உள்ளங்கைக்கு அது உப்புத்தாள். நாக்கிலும் இதே கதைதான். ரத்தக் குழாய் அதிகமுள்ள காளான் மொட்டுகளில் விரிவும் கசிவும் அதிகம், அதனால் அவை வீங்கி நிற்கின்றன.

தடிப்பு முழுவதையும் இந்த ஒரே வழியால் விளக்கிவிட முடியுமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. முன்பு இதே கிருமியின் பொருள்களைச் சந்தித்துக் கூருணர்வு பெற்ற உடம்பில்தான் நச்சு இவ்வளவு பலமான தடிப்பை எழுப்புகிறது என்றும் ஒரு வலுவான வாதம் உண்டு. கைக்குழந்தைகளுக்கு இந்த நோய் மிக அரிதாகவே வருகிறது, ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள் அதிகம் வருகிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் ஒரு காரணம். முன் சந்திப்பு இல்லாதது இன்னொரு காரணமாக இருக்கக்கூடும். என் கணிப்பில் இரண்டு வழிகளும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

இத்தனை ஆர்ப்பாட்டத்தால் கிருமிக்கு என்ன லாபம்? எலியின் தாங்கிப் புரதத்தை இந்த நச்சு சரியாகப் பிடிப்பதில்லை. அதனால் மனிதத் தாங்கியைத் தாங்கிப் பிறக்கும்படி மாற்றிய எலிகளை வைத்துச் சோதித்தார்கள். நச்சு சுரக்கும் கிருமி அந்த எலிகளின் மூக்கு, தொண்டைப் பகுதியில் நன்றாக ஒட்டிக்கொண்டு பெருகியது. நச்சு மரபணுவை நீக்கிய கிருமியால் அப்படி முடியவில்லை. ஆக நச்சின் உண்மையான பயன் தொண்டையில் இடம் பிடிப்பது. உடம்பெங்கும் வரும் தடிப்பால் கிருமிக்கு எந்த ஆதாயமும் இருப்பதாகத் தெரியவில்லை.

அக்காவுக்குத் தொண்டை வலி, தம்பிக்குத் தடிப்பு

இப்போது ஒரு வீட்டுக்குள் இதைப் பொருத்திப் பார்ப்போம். பன்னிரண்டு வயது அக்காவுக்கும் ஆறு வயதுத் தம்பிக்கும் ஒரே வாரத்தில் தொண்டை வலி. இருவர் தொண்டையிலும் அதே கிருமி, அதே ஃபேஜ், அதே ஸ்பீ-ஏ. தம்பிக்கு மட்டும் உடம்பெங்கும் தடிப்பு, ஸ்ட்ராபெரி நாக்கு. வீட்டில் 'இது வேற காய்ச்சல் போல' என்பார்கள். நோய் ஒன்றுதான். அக்காவின் ரத்தத்தில், முன்பு எப்போதோ வந்துபோன ஒரு தொற்றில் உண்டான ஸ்பீ-ஏ எதிர்ப்பொருள் இருக்கிறது. தொண்டையிலிருந்து நச்சு வெளியே வந்ததும் அது பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. தம்பியிடம் அது இன்னும் இல்லை.

அப்படியானால் அக்காவுக்கு ஏன் தொண்டை வலி வந்தது? நச்சைத் தடுக்கும் எதிர்ப்பொருள் வேறு, கிருமியைத் தடுக்கும் எதிர்ப்பொருள் வேறு. கிருமியின் மேலுறையில் உள்ள எம் புரதத்துக்கு எதிராக வரும் பாதுகாப்பு பெரும்பாலும் அந்த வகைக்கு மட்டுமே. எம் புரதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதால் தொண்டை வலி திரும்பத் திரும்ப வரலாம். நச்சுகளோ சில மட்டுமே. அதனால் ஸ்கார்லெட் காய்ச்சல் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறை வந்தாலே அதிகம். ஆனால் ஸ்பீ-ஏ எதிர்ப்பு உள்ளவரை ஸ்பீ-சி தாக்கினால் இரண்டாவது முறையும் வரும்.

எதோடு குழப்பிக்கொள்வோம்

நம் ஊரில் காய்ச்சலோடு தோலில் எது வந்தாலும் 'அம்மை போட்டிருக்கு' என்று வேப்பிலை வைத்து, மருந்து கொடுக்காமல் இருக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. தட்டம்மைக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. இதற்குக் கட்டாயம் தேவை, அதனால் வித்தியாசம் தெரிய வேண்டும். தட்டம்மையில் முதல் மூன்று நான்கு நாள் இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு. அதன்பிறகு காதுக்குப் பின்னாலும் நெற்றியிலும் தொடங்கித் தடிப்பு கீழே இறங்கும். கோடையில் வரும் வேர்க்குருவும் தடவினால் நரநரவென்றுதான் இருக்கும், ஆனால் அதற்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ இல்லை. டெங்குவிலும் தோல் சிவக்கும், அதில் மூட்டு வலியும் கண்ணுக்குப் பின்னால் வலியும் முன்னே நிற்கும், தொண்டையில் சீழ் இருக்காது. கவாசாகி நோய்தான் மிகவும் ஏமாற்றக்கூடியது. அதே நாக்கு, தடிப்பு, பின்னால் விரல் நுனி உரிதல். பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழ், ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சல், பீளை தள்ளாத சிவந்த கண், வெடித்த உதடு என்று வந்தால் குழந்தை மருத்துவர் உடனே பார்க்க வேண்டும், ஏனென்றால் அது இதயத்தின் ரத்தக் குழாய்களைத் தாக்கும்.

உறுதி செய்ய வழி எளிது. தொண்டையைத் தடவி எடுத்து கல்ச்சர், அல்லது சில நிமிடங்களில் முடிவு தரும் ரேபிட் சோதனை.

மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது

பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின், வழக்கமாகப் பத்து நாள். இந்தக் கிருமிக்குப் பெனிசிலின் இன்றுவரை வேலை செய்யாமல் போனதில்லை. பெனிசிலின் ஒவ்வாத குழந்தைகளுக்குக் கொடுக்கும் அசித்ரோமைசின் போன்றவற்றுக்கு மட்டும் எதிர்ப்பு பல இடங்களில் இருக்கிறது. மருந்து தொடங்கி ஒரு நாளில் குழந்தையிடமிருந்து மற்றவருக்குப் பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆனால் மாத்திரை கொல்வது கிருமியைத்தான். ஏற்கெனவே ரத்தத்தில் கலந்துவிட்ட நச்சையோ, கிளம்பிவிட்ட டி செல்களையோ அது ஒன்றும் செய்யாது. எனவே மருந்து தொடங்கிய மறுநாளும் தடிப்பு இருக்கிறதே என்று மருந்தை மாற்றச் சொல்லி அலைய வேண்டியதில்லை. காய்ச்சல் இறங்கி, விழுங்குவது எளிதாகிறதா என்று பாருங்கள். தடிப்பு ஒரு வாரத்தில் தானாக மங்கும். மாறாக, காய்ச்சல் இறங்காமல் குழந்தை சோர்ந்து போவது, மூச்சு வாங்குவது, வாயைத் திறக்க முடியாமல் எச்சில் ஒழுகுவது, ஒரு கால் அல்லது கையில் தாங்க முடியாத வலி ஆகியவை வந்தால் கிருமி ஆழமாகப் போயிருக்கலாம், நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு மூன்று நாளில் குழந்தை ஓடியாடத் தொடங்கியதும் மருந்தை நிறுத்திவிடுவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கிறது. பத்து நாள் சொல்வதற்குக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். தொண்டையில் கிருமி மிச்சம் இருந்தால் சில வாரம் கழித்து அது இதய வால்வைப் பாதிக்கலாம். தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்தைத் தொடங்கினாலும் அதைத் தடுத்துவிட முடியும்.

தடிப்பு மறைந்த பிறகு தோல் உரியும். முகத்தில் தவிடு போல, விரல் நுனிகளிலும் உள்ளங்கால்களிலும் நகத்தடியிலிருந்து தொடங்கி பெரிய பெரிய தாள்களாக. சில குழந்தைகளுக்கு ஆறு வாரம் வரைகூட உரியும். நச்சு இருந்த நாள்களில் சரியாக உருவாகாத தோலடுக்கு மேலே வந்து கழன்றுகொள்கிறது. அதில் கிருமி இல்லை, யாருக்கும் தொற்றாது, தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். தானாக வராததைப் பிய்த்து இழுக்காமல் இருந்தால் சரி.

அந்த நாள்களில் தோலைவிடக் கவனிக்க வேண்டியது சிறுநீர். தொண்டை வலி வந்து பத்து நாள் சுமாருக்குப் பிறகு, சிலருக்குச் சிறுநீரகம் அழற்சி அடைகிறது. சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்திலோ கோலா நிறத்திலோ போகும், காலையில் எழும்போது கண்ணைச் சுற்றி முகம் வீங்கியிருக்கும். பெனிசிலின் இதயத்தைக் காப்பது போல இதை நிச்சயமாகத் தடுப்பதில்லை. அப்படி ஏதாவது தென்பட்டால் அன்றே சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள், முன்பு ஸ்கார்லெட் காய்ச்சல் இருந்ததையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.